பையன்கள் கதைப் புத்தகத்தை ஏன் தொடுவதில்லை? ஓர் எல்லையோர வகுப்பறையின் கணக்கு

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். நூலக இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன பி.என். பணிக்கர் 1995-இல் இறந்த தேதி அது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் அன்று கூட்டம் நடக்கும். மேடையேறிப் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பையன்கள் நாற்காலி தூக்கிப் போடுவார்கள், மைக் செட் பார்த்துக்கொள்வார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஊரில் மூன்று விளக்கங்கள் சொல்வார்கள். பையன்களின் மூளையே அப்படித்தான். எல்லாம் போன் செய்த வேலை. ஆண் ஆசிரியர்கள் குறைந்துபோனதால் வந்த வினை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் மூன்றையும் பிடித்துக்கொண்டு ஒரு டீச்சரால் திங்கட்கிழமை வகுப்பில் எதையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய காரணம் வேறொன்று. அதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம்.

## இடைவெளி என்று எதைச் சொல்கிறார்கள்

இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒரே பேச்சில் கலந்துவிடுகின்றன.

1. வாசிப்புத் திறன். எழுத்தைத் தடையில்லாமல் ஒலியாக்கி, பொருள் பிடிக்க முடிகிறதா என்பது. இதைத் தேர்வு வைத்து அளக்கலாம்.

2. விருப்ப வாசிப்பு. யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணுக்காக இல்லாமல், தானே எடுத்துப் படிப்பது. இதைப் பிள்ளைகளிடம் கேட்டும், நூலகப் பதிவேட்டைப் புரட்டியும்தான் அறிய முடியும்.

இரண்டிலும் பையன்கள் பின்னால்தான் இருக்கிறார்கள். 15 வயதினருக்காக நடக்கும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில், 2009-இல் பணக்கார நாடுகளின் சராசரியை எடுத்தால் வாசிப்பில் பெண்பிள்ளைகள் 39 புள்ளி முன்னால் இருந்தார்கள். அதே ஆண்டு, மகிழ்ச்சிக்காகப் படிப்பதுண்டா என்று கேட்டபோது பெண்பிள்ளைகளில் 73 சதவீதமும் பையன்களில் 52 சதவீதமும் உண்டு என்றார்கள்.

நம் நாட்டுக்கு வந்தால் கணக்கு இன்னும் சுவாரசியம். கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு அசர் அறிக்கையில், தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் பெண்களில் 76 சதவீதம், ஆண்களில் 70.9 சதவீதம். ஆனால் அதே அறிக்கையில் ஆங்கிலம் படிப்பதில் ஆண்கள் முன்னால்! குழப்பம் தருவது இதுதான். கோளாறு கண்ணிலோ மூளையிலோ இருந்தால் ஒரு மொழியில் பின்தங்கி இன்னொரு மொழியில் முந்த முடியுமா?

பெரியவர்களை அளந்த தேர்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. 16 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்கு பிசாவை நடத்தும் அமைப்பே நடத்திய ஆய்வின் முதல் சுற்றில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாசிப்பில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. வாசிப்பு வேலைக்கான கருவியாக மாறும்போது ஆண்கள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அப்படியானால் பள்ளி வயதில், அதுவும் கதை வாசிப்பு என்ற இடத்தில், அவர்களை எதுவோ தடுக்கிறது.

## முதலில் திறனா, முதலில் ஆசையா

"ஆசையை உண்டாக்குங்கள், வாசிப்பு தானே வரும்" என்பது எல்லா மேடையிலும் கேட்கிற வரி. தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை இது தலைகீழ். நெதர்லாந்தில் 7 வயது இரட்டைக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. நன்றாகப் படிக்க வருவதால்தான் பிள்ளை அதிகம் படிக்கிறது, அதிகம் படிப்பதால் அந்த வயதில் திறன் வந்துவிடுவதில்லை என்பது அதன் முடிவு. பின்லாந்தில் முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்தவர்களும் கீழ் வகுப்புகளில் இதையே கண்டார்கள். மேல் வகுப்புகளுக்குப் போன பிறகுதான், புத்தகம் படிப்பது திறனை வளர்ப்பதும் அவர்கள் கணக்கில் தெரிந்தது.

இதன் பொருள் எளிது. ஏழாம் வகுப்பில் புத்தகத்தைத் தொடாத பையன் சோம்பேறியாகவே இருக்க வேண்டியதில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் எங்கோ தடுமாறி, அந்தத் தடுமாற்றத்தோடே மேலே தள்ளிவிடப்பட்டவனாக இருக்கலாம். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவர்களின் வரிசையில் எல்லா ஊரிலும் பையன்களே அதிகம்.

தமிழில் இந்தத் தடுமாற்றத்துக்கு இரண்டு தனிக் காரணங்கள் சேர்கின்றன. ஒன்று, பேச்சும் எழுத்தும் விலகி நிற்பது. "போயிட்டிருந்தான்" என்று நாள் முழுக்கச் சொல்லும் பிள்ளை புத்தகத்தில் "போய்க்கொண்டிருந்தான்" என்பதைப் பார்க்கிறான். எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிக்கும்போது வந்து நிற்பது அவன் காதுக்குப் பழகிய சொல் அல்ல. இரண்டாவது, சொல்லின் நீளம். வேற்றுமை உருபும் காலமும் பன்மையும் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருவதால், தடுமாறும் பிள்ளை தலையைப் பார்த்து வாலை ஊகித்துவிடும். "வந்தார்களாம்" என்பது "வந்தார்கள்" ஆகும், கேள்விப்பட்ட செய்தி நேரில் கண்ட செய்தியாகிவிடும். இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கும் பொதுதான். ஆனால் சித்தூர்ப் பக்கம் பஸ் பலகையும் கடைப் பலகையும் பெரும்பாலும் மலையாளம். பள்ளிக்கு வெளியே தமிழ் எழுத்து கண்ணில் படுவது குறைவு. அந்தக் குறையைப் புத்தகம்தான் ஈடுகட்ட வேண்டும். அதைத் தொடாதவனுக்குக் குறை அப்படியே தங்கிவிடுகிறது.

## மறைத்துக்கொள்வது எப்படி நடக்கிறது

பையன்களிடம் ஏன் இது கூடுதலாகத் தங்குகிறது என்பதற்கு எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இங்கிலாந்தின் கெம்மா மாஸ் சொன்ன விளக்கம். வகுப்பறைகளில் உட்கார்ந்து, யார் எந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள் என்று வெகுகாலம் கவனித்தவர் அவர். பிள்ளைகளை அவர் மூன்றாகப் பிரித்தார்.

1. படிக்கத் தெரியும், படிக்கிறார்கள்.

2. படிக்கத் தெரியும், படிப்பதில்லை.

3. இன்னும் சரியாகப் படிக்க வரவில்லை, படிப்பதும் இல்லை.

மூன்றாம் வகைப் பெண்பிள்ளை தன் தரத்துக்கு ஏற்ற எளிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு தோழியோடு உட்கார்ந்து படிப்பதை அவர் பார்த்தார். மூன்றாம் வகைப் பையன் அதைச் செய்யவில்லை. எளிய புத்தகம் கையில் இருந்தால் வகுப்புக்கே அவன் தரம் தெரிந்துவிடும். அதனால் அவன் படம் நிறைந்த தகவல் புத்தகத்தை எடுத்தான். விமானம், சுறா, உலக அதிசயம் என்று. அந்தப் புத்தகத்தில் படிக்காமலேயே படத்தைக் காட்டி நண்பர்களோடு பேசலாம், தெரிந்தவன்போல நடந்துகொள்ளலாம். அது எந்த வகுப்புக்கான புத்தகம் என்று யாருக்கும் தெரியாது. மானம் போகாது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பழைய நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. "பையன்களுக்குக் கதை பிடிக்காது, தகவல்தான் பிடிக்கும்" என்று அலமாரியை மாற்றுகிறோம். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே பிடிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சிலர் ஒளிந்துகொள்ளும் இடம் அது. கூடுதல் மறைவிடம் கட்டிக் கொடுத்துவிட்டு வாசிப்பு வளரவில்லையே என்று வருந்துவதில் பயன் இல்லை. பிசா 2009 தரவை எடுத்து ஜான் ஜெரிமும் இதே கெம்மா மாஸும் 2019-இல் செய்த கணக்கு இதற்கு வலுச் சேர்க்கிறது. அடிக்கடி கதை படிக்கிற பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கூடுதலாக இருந்தது. செய்தித்தாள், இதழ், படக்கதை, தகவல் நூல் படிப்பதில் அந்த அளவுக்கு இல்லை. இது தொடர்பைக் காட்டும் கணக்குதான், காரணத்தை நிரூபிப்பது அல்ல. ஆனாலும் பையனுக்குப் பேப்பரின் விளையாட்டுப் பக்கம் போதும் என்று நின்றுவிட இடம் தரவில்லை.

மானத்தின் பங்கு எவ்வளவு என்று காட்டும் சின்னச் சோதனை ஒன்று பிரான்சில் நடந்தது. 2016-இல் வெளியானது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 80 பேர். நிறையச் சொற்களுக்கு நடுவே விலங்குகளின் பெயரைத் தேடி அடிக்கோடிட வேண்டும். ஒரு பாதிக்கு "இது வாசிப்புத் தேர்வு" என்றார்கள். மறுபாதிக்கு "இது ஒரு விளையாட்டு" என்றார்கள். தாள் ஒன்றே. தேர்வு என்று சொன்னபோது பையன்கள் பின்தங்கினார்கள், விளையாட்டு என்றபோது பெண்பிள்ளைகளை முந்தினார்கள். வாசிப்பு பெண்பிள்ளைகள் வேலை என்ற எண்ணம் எட்டு வயதிலேயே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. டீச்சர் வாயிலிருந்து வரும் "இந்தப் பசங்க எங்க படிக்கப் போறாங்க" என்ற வாக்கியம், சிரித்துக்கொண்டே சொன்னாலும், அந்த எண்ணத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றுகிறது.

ஆண் ஆசிரியர் இருந்தால் சரியாகிவிடும் என்பது பற்றி ஒரு வரி போதும். இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளின் 413 வகுப்புகளை ஒப்பிட்டவர்கள், ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதால் பையன்களின் வாசிப்பில் மாற்றம் எதையும் காணவில்லை.

## ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு யு.பி. பள்ளி, தமிழ்வழி ஏழாம் வகுப்பு, 17 பையன்கள், 15 பெண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக. உங்கள் வகுப்பில் வேறாக இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நூலகப் பதிவேட்டில் பெண்பிள்ளைகள் 61 புத்தகமும் பையன்கள் 19 புத்தகமும் எடுத்திருக்கிறார்கள். இதை மட்டும் பார்த்தால் பையன்கள் எல்லாரும் ஒரே மாதிரி. அடுத்த வேலை அவர்களைப் பிரித்துப் பார்ப்பது.

நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து, இவர்கள் முன்பு படிக்காத 100 சொற்கள் கொண்ட பத்தி ஒன்றை எடுங்கள். ஒவ்வொருவரையும் தனியாக, வராந்தாவில், மற்றவர் காதில் விழாமல் படிக்கச் சொல்லுங்கள். எல்லாரும் வர வேண்டும், நன்றாகப் படிக்கிறவரும்கூட. இல்லையென்றால் கூப்பிட்டவன்மேல் முத்திரை விழும். டீச்சர் கையில் அதே பத்தியின் நகல். பிழையான சொல்லுக்கு மட்டும் ஒரு கோடு. முடிந்ததும், "என்ன நடந்தது, சொல்லு" என்று ஒரே கேள்வி. பேச்சுத் தமிழில் சொன்னால் போதும்.

கணக்கிடும்போது இரண்டு எச்சரிக்கைகள். ல, ள, ழ உச்சரிப்பைப் பிழையாக எண்ண வேண்டாம். அது நாக்கின் பழக்கம், வாசிப்புக் கோளாறு அல்ல. (மலையாளத்திலும் ழ இருப்பதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அதில் நம்மைவிடச் சுத்தம்.) இரண்டாவது, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கிலத்துக்கான அளவுகோலைத் தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நம் சொல் நீளமானது. அதே பிள்ளையை அதே தரமுள்ள பத்தியில் பத்து வாரம் கழித்து ஒப்பிடுவதே நியாயமான அளவு.

வழக்கமான வரம்பு இது. 100 சொல்லில் 5 பிழைக்குள் இருந்தால் அந்தத் தரம் அவனுக்குக் கைவரும். 10-ஐத் தாண்டினால் அந்தப் புத்தகம் அவனைக் களைப்பாக்கும், பொருள் பிடிக்க மூளையில் இடமே இருக்காது.

நம் வகுப்பில் வந்த முடிவு: பையன்களில் 4 பேர் படிக்கத் தெரிந்து படிப்பவர்கள், 7 பேர் தெரிந்தும் படிக்காதவர்கள், 6 பேர் தடுமாறுகிறவர்கள். பெண்பிள்ளைகளில் முறையே 9, 3, 3. ஆக, பையன்கள் என்று ஒரே மருந்து கொடுக்க முடியாது. அந்த 6 பேருக்கும் 7 பேருக்கும் தேவை வெவ்வேறு. தடுமாறுகிற 3 பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். அமைதியாக இருப்பதால் அவர்கள் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை.

## தடுமாறுகிற ஆறு பேருக்கு: கீழ் வகுப்புக்குப் படித்துக் காட்டுவது

இவர்களுக்குத் தேவை எளிய புத்தகம், அதுவும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப. ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் படித்தால் சரளம் கூடும் என்பதை 1979-லேயே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் விளக்கிவிட்டார். ஆனால் ஏழாம் வகுப்புப் பையன் கையில் இரண்டாம் வகுப்புப் படக்கதையை எந்த முகத்தோடு கொடுப்பது?

இதற்கான வழி, அந்த எளிய புத்தகத்தை அவன் படிப்பதற்கு ஒரு கௌரவமான காரணத்தை உண்டாக்குவது. வெள்ளிக்கிழமை அவன் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். இப்போது அவன் அண்ணன். எளிய புத்தகம் அவன் தரம் அல்ல, அந்தக் குழந்தையின் தரம். பயிற்சி எடுப்பது அவமானம் அல்ல, பொறுப்பு.

வாரம் இப்படிப் போகும், நாளொன்றுக்கு 15 நிமிடம்:

1. திங்கள்: டீச்சர் அந்தப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறார், பையன்கள் கண்ணால் தொடர்கிறார்கள். "போய்க்கொண்டிருந்தான்" போன்ற சொற்களின் ஓசை முதலில் காதில் விழ வேண்டும்.

2. செவ்வாய்: இருவர் சேர்ந்து, பக்கம் மாற்றிப் பக்கம்.

3. புதன்: தனியாகப் படித்துப் போனில் பதிவு செய்து, தானே கேட்டுப் பார்ப்பது. பிழையை டீச்சர் சொல்வதைவிடத் தன் குரலில் கேட்பது கூர்மையானது. குரலை ஏற்றி இறக்கி நடிக்க இங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

4. வியாழன்: சந்தேகம் உள்ள பக்கங்கள் மட்டும்.

5. வெள்ளி: இரண்டு குழந்தைகளுக்குத் தனித்தனியாக, அடுத்தடுத்து. ஒரே வாரத்தில் அந்தக் கதை அவன் கண்ணில் ஐந்து முறை ஓடிவிடும்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தரம் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்து நடுவில் தைத்துக்கொள்ளலாம்.

சறுக்கும் இடங்களும் தெரிந்தவையே. முதலாவது, அந்த 6 பேரை மட்டும் அனுப்பினால் இரண்டாவது வாரத்திலேயே வகுப்புக்கு விஷயம் புரிந்துவிடும். "மக்குக் கூட்டம்" என்று பெயர் விழுந்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. அதனால் 18 பேர் போக வேண்டும். அதில் நன்றாகப் படிக்கிறவர்கள் பாதி, பெண்பிள்ளைகளும் சிலர். தடுமாறுகிற 3 பெண்பிள்ளைகள் இந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறார்கள். இரண்டாவது, சொந்தத் தம்பி தங்கையோடும் ஒரே தெருக் குழந்தையோடும் ஜோடி சேர்க்கக் கூடாது. "அண்ணனுக்குப் படிக்கவே தெரியல" என்று அன்று சாயந்திரமே வீடு வரை போய்விடும். மூன்றாவது, மனப்பாடம். கூர்மையான பையன் திங்கட்கிழமையே கதையைக் காதில் வாங்கி, எழுத்தைப் பார்க்காமல் ஒப்பிப்பான். அதைக் கண்டுபிடிக்க, வியாழக்கிழமை நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து மூன்றாவது வரியை மட்டும் படிக்கச் சொன்னால் போதும். ஒப்பிப்பவன் அங்கே நின்றுவிடுவான். நான்காவது கொஞ்சம் சங்கடமானது: இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு வேறு வேலை வந்தால் இந்த அண்ணன்மார்கள் பிள்ளை மேய்க்கும் ஆட்களாகிவிடுவார்கள். 15 நிமிடம் என்றால் 15 நிமிடம் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டவே வராத பையனுக்கு இது போதாது. உயிர்மெய் வரிசையில் கொ, கோ, கௌ என்றாலே தயங்குகிறவன் என்றால், முதலில் எழுத்தையே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். நூலகம் அதற்குப் பதில் ஆகாது.

## தெரிந்தும் தொடாத ஏழு பேருக்கு: வேகமாக வாசித்துக் கேட்க வைப்பது

இவர்களுக்குத் தடை எழுத்து அல்ல. புத்தகம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு வேலை வரும் என்று அனுபவத்தில் கற்றவர்கள். கேரளப் பள்ளிகளில் அந்த வேலைக்குப் பெயர் வாசிப்புக் குறிப்பு. புத்தகம் படித்தால் அதன் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், பிடித்த பாத்திரம் என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதுவதில் பையன்கள் பொதுவாக வாசிப்பைவிடவும் பின்னால் இருப்பவர்கள். ஆக ஒவ்வொரு புத்தகமும் அவனுக்கு ஒரு அபராதச் சீட்டு. இரண்டு மாதம் அதை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். மேலதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தால் தேதியும் தலைப்பும் மட்டும். பேசத் தோன்றினால் இரண்டு நிமிடம் பேசட்டும்.

அடுத்தது கதை. வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிடம், ஒரு நீண்ட நாவலை டீச்சர் வாசிக்கிறார். நடுவில் சொற்பொருள் கேட்க நிற்பதில்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகக் குழு 12 வாரம் இதைச் செய்து 2019-இல் வெளியிட்டது. 20 ஆசிரியர்கள், 12-13 வயதுப் பிள்ளைகள் 365 பேர். வழக்கமாக ஒரு நாவலைத் துண்டுதுண்டாக நறுக்கி, பத்திக்குப் பத்தி கேள்வி கேட்டு நடத்துவதை விட்டுவிட்டு, இரண்டு கடினமான நாவல்களை அடுத்தடுத்து வேகமாகப் படித்து முடித்தார்கள். அந்த 12 வாரத்தில் சராசரிப் பிள்ளையின் வாசிப்புப் புரிதல் எட்டரை மாத வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்தது. பின்தங்கியவர்களுக்கு 16 மாதம். ஒரே ஆய்வு, ஆங்கிலத்தில் நடந்தது. ஆகவே அந்த எண்ணையே இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கதையின் ஓட்டமே புரிதலைத் தருகிறது என்ற காரணம் தமிழுக்கும் பொருந்தும். பேச்சு காதில் இருக்க, எழுத்துத் தமிழ் பழகாதவனுக்கு 20 நிமிடம் எழுத்துத் தமிழைத் தொடர்ந்து கேட்பது கூடுதல் லாபம்.

நிறுத்தும் இடம் முக்கியம். அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தாமல், ஒருவன் கிணற்றில் எட்டிப் பார்க்கும் வரியில் மணி அடிக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் மூன்று பிரதிகள் மேசையில் கிடக்கட்டும். அன்று மாலை அவற்றை எடுத்துப் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். இருவர் சேர்ந்து ஒரே புத்தகத்தை எடுக்க விடுங்கள். பையன்களுக்கு நடுவே ஒரு புத்தகம் பேச்சுப் பொருளானால் அது பெண்பிள்ளைகள் வேலை என்ற பட்டத்திலிருந்து தப்பிவிடும்.

பொருள் தேர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஜேன் ஓக்ஹில்லும் பெட்ரிடஸும் 2007-இல் காட்டியது: சிலந்தி பற்றிய பத்தியைப் பையன்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். போர்க்காலத்தில் ஊர்விட்டு அனுப்பப்பட்ட குழந்தைகள் பற்றிய பத்தியில் சறுக்கினார்கள். பெண்பிள்ளைகளுக்கு எந்தப் பொருளானாலும் பெரிய மாற்றம் இல்லை. அதாவது ஆர்வம் இல்லாத இடத்திலும் பெண்பிள்ளைகள் தம்மை இழுத்துப் பிடித்துப் படிக்கிறார்கள், பையன்கள் விட்டுவிடுகிறார்கள். சித்தூர்ப் பக்கம் என்றால் ரேக்ளா பந்தயம், செவன்ஸ் கால்பந்து, ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை வழியாக வயலுக்கு வரும் கதை, காட்டுப்பன்றி, கள் இறக்கும் தோப்பு என்று வாயில் வைத்துக்கொண்டிருக்கும் விஷயங்கள் எத்தனையோ. அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் அங்கேயே நிற்கக் கூடாது. பந்தயம் பற்றிய ஒரு பக்கக் கட்டுரை வாசல்தான். காளை வளர்க்கும் ஒரு பையனின் 120 பக்கக் கதைக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

## எதைச் செய்தால் வீண்

தினமும் அரை மணி எல்லாரும் மௌனமாகப் படியுங்கள் என்று விடுவது பார்க்க அழகாக இருக்கும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, வழிகாட்டல் இல்லாத மௌன வாசிப்பு மட்டுமே திறனை உயர்த்தியது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் நமக்கு இப்போது தெரியும்: அந்த 6 பேரும் அரை மணி சுறா படம் பார்ப்பார்கள். பக்கம் திருப்பும் வேகத்தைக் கவனித்தாலே அகப்பட்டுவிடுவார்கள். எழுத்துள்ள பக்கத்தையும் படமுள்ள பக்கத்தையும் ஒரே வேகத்தில் திருப்புகிறவன் படிக்கவில்லை.

அதிகம் படித்தவருக்குப் பரிசு என்ற பலகையும் இதே கதைதான். முதல் வகைப் பிள்ளைகளுக்கு அது தேவையில்லை. மூன்றாம் வகைப் பையனின் பூஜ்யத்தை அது சுவரில் ஒட்டிவைக்கிறது.

போன் பற்றி. 2023 அசர் அறிக்கையில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாக வைத்திருப்பவர்கள் ஆண்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம். பையனின் மாலை நேரம் அங்கே போகிறது என்பது உண்மை. ஆனால் இடைவெளி போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. வீட்டில் போனைப் பிடுங்குவது டீச்சர் கையில் இல்லை. பள்ளி நேரத்துக்குள் கதையில் பாதியைப் படித்து முடித்துவிடுவது கையில் இருக்கிறது.

## பத்து வாரம் கழித்து

அதே தரத்திலுள்ள இன்னொரு 100 சொல் பத்தி, அதே வராந்தா, அதே ஒற்றைக் கேள்வி. தடுமாறிய 6 பேரில் ஒருவன் 14 பிழையிலிருந்து 8-க்கு வந்திருந்தால் அது நல்ல வேகம். 14-இலேயே நின்றால் அவனுக்குக் கதை போதாது, எழுத்துக்குத் திரும்ப வேண்டும். 7 பேரின் முன்னேற்றம் பிழைக் கணக்கில் தெரியாது, பதிவேட்டில்தான் தெரியும். அதுவும் எத்தனை புத்தகம் என்பதைவிட, எடுத்ததில் முடித்தது எத்தனை, ஒரே எழுத்தாளரை இரண்டாம் முறை தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதில்.

பதிவேட்டைப் பார்க்கும்போது பெண்பிள்ளைகளின் கணக்கையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பிசாவில் 2018-இல் 30 புள்ளியாக இருந்த இடைவெளி 2022-இல் 24 ஆனது. பையன்கள் ஏறி வந்துவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த நான்கு ஆண்டில் மொத்தச் சராசரியே கீழே இறங்கியது. இருவருமே சறுக்க, பெண்பிள்ளைகள் கூடுதலாகச் சறுக்கியதால் சுருங்கிய இடைவெளி அது. நம் ஏழாம் வகுப்பில் பையன்களின் 19 புத்தகம் 40 ஆகியிருக்கலாம். பெண்பிள்ளைகளின் 61 அதே காலத்தில் 45-க்கு இறங்கியிருந்தால், மேசையில் கிடந்த அந்த மூன்று பிரதிகளும் யார் கைக்குப் போயின என்று முதலில் தேட வேண்டும்.